ஒரு மாதக் கோச்சிங்குக்கு எவ்வளவு பணம் எடுத்து வைக்க வேண்டும்?

கேள்வி: கோட்டூர் பக்கம் சிறு விவசாயி நான். மகள் டிகிரி முடித்துவிட்டு குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாள். தஞ்சாவூரில் 30 நாள் கோச்சிங், ஜூன் 15 திங்கட்கிழமை ஆரம்பம். ஃபீஸ் 9,000, மெட்டீரியல் 1,200 என்கிறார்கள். பக்கத்திலேயே லேடீஸ் ஹாஸ்டல், சாப்பாட்டோடு மாதம் 6,000, அட்வான்ஸ் 3,000. எல்லாவற்றுக்கும் 20,000 எடுத்து வைத்தால் போதுமா? குறுவை வேலையும் அதே நேரத்தில் வருகிறது, நடுவில் கையைக் கடிக்கக் கூடாது. வீட்டிலிருந்தே தினம் போய் வரலாமா என்றும் ஒரு யோசனை இருக்கிறது.

பதில்: ஐயா, 20,000 போதாது. நீங்கள் சொன்ன விவரங்களை வைத்துப் போட்டுப் பார்த்ததில் 27,000 கையில் இருக்க வேண்டும் என்று வருகிறது. அதில் 2,500 கடைசியில் திரும்பி வரும். ஹாஸ்டல்காரர் ஒரே ஒரு விஷயத்தில் வேறு மாதிரி கணக்குப் போட்டால் 31,000-ஐயும் தாண்டும். அந்த ஒரு விஷயத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

"30 நாள்" என்று கோச்சிங் சென்டர் சொல்வது பெரும்பாலும் 30 வகுப்பு நாள். ஞாயிறு விடுமுறை என்றால் வாரத்துக்கு ஆறு வகுப்பு, ஆக மொத்தம் ஐந்து வாரம். ஜூன் 15 திங்கட்கிழமை தொடங்கினால் கடைசி வகுப்பு ஜூலை 18 சனிக்கிழமை. முதல் நாள் அலைச்சல் இல்லாமல் இருக்க மகள் 14-ஆம் தேதி ஞாயிறு மாலையே போய்ச் சேர வேண்டும். ஆக ஹாஸ்டலில் தங்குவது 30 நாள் இல்லை, 35 நாள்.

இந்த 35 நாளை ஹாஸ்டல் எப்படிப் பிரிக்கிறது என்பதில்தான் ஆயிரக்கணக்கில் வித்தியாசம் வரும். சில ஹாஸ்டல்களில் சேர்ந்த தேதியிலிருந்து மாதம் ஓடும். அப்படி இருந்தால் ஜூன் 14 முதல் ஜூலை 13 வரை ஒரு மாத வாடகை 6,000. மிச்சம் ஐந்து நாளுக்கு நாள் கணக்கு. நாளுக்கு 200 என்று வைத்தால் 1,000. மொத்தம் 7,000. வேறு சில இடங்களில் 1-ஆம் தேதி முதல் மாதக் கடைசி வரைதான் ஒரு மாதம். எந்தத் தேதியில் சேர்ந்தாலும் அந்த மாத வாடகை முழுசு. அங்கே உங்கள் மகள் ஜூனுக்கு ஒரு 6,000, ஜூலைக்கு ஒரு 6,000 என்று 12,000 கட்டுவாள். இருக்கப்போவது அதே 35 நாள், அதே அறை, அதே சாப்பாடு. ஆனால் 5,000 ரூபாய் கூடுதல். பாபநாசம் பக்கத்திலிருந்து வந்து படித்த ஒரு பெண் இப்படித்தான் மாட்டிக்கொண்டாள். சேரும்போது யாரும் ஏமாற்றவில்லை, அவர்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். அதனால் ஹாஸ்டலுக்குப் போன் போடும்போது "மாதம் எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். "ஜூன் 14 சாயந்திரம் வந்து ஜூலை 18 சாயந்திரம் காலி பண்ணினால் மொத்தம் எவ்வளவு கட்டணும்?" என்று இரண்டு தேதியையும் சொல்லிக் கேளுங்கள். முழு மாதக் கணக்குதான் என்றால் ஐந்து நாளுக்காகப் பேசிப் பாருங்கள். ஒப்புக்கொள்ளவில்லை என்றால் அடுத்த ஹாஸ்டலைப் பாருங்கள். அதன் மாத வாடகை 500 ரூபாய் கூட இருந்தாலும் மொத்தத்தில் மிச்சம்தான்.

அட்வான்ஸ் விஷயத்தையும் இதே போனில் முடித்துவிடுங்கள். 3,000-த்தில் பராமரிப்பு, சுத்தம் செய்வது என்று ஒரு தொகை பிடிப்பார்கள். 500 என்று வைத்திருக்கிறேன். அதைவிட முக்கியம் நோட்டீஸ் விதி. காலி செய்வதற்கு ஒரு மாதம் முன்பே சொன்னால்தான் அட்வான்ஸ் திரும்பும் என்று பல ஹாஸ்டல்களில் சுவரிலேயே ஒட்டியிருப்பார்கள். ஒரு மாதமே தங்கும் பிள்ளைக்கு இது எப்படிப் பொருந்தும்? சேருகிற அன்றைக்கே சொன்னால்தான் பொருந்தும். சேர்க்கைப் படிவத்திலோ ரசீதின் பின்பக்கத்திலோ "ஜூலை 18 காலி செய்கிறோம்" என்று எழுதி வார்டனிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அந்த ரசீதை மகளின் போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

"சாப்பாட்டோடு" என்றால் எந்தச் சாப்பாடு என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. வகுப்பு காலை ஒன்பதரைக்குத் தொடங்கி மாலை வரை போனால் மதியச் சாப்பாட்டுக்கு ஹாஸ்டலுக்கு வந்து போக முடியாது. காலையிலேயே டப்பாவில் கட்டித் தருவார்களா? தருவார்கள் என்றால் கவலையில்லை. இல்லையென்றால் வெளியே ஒரு சாப்பாடு 70 ரூபாய் என்றாலும் 30 நாளுக்கு 2,100. இதைத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கட்டித் தருவார்கள் என்று வைத்துத்தான் கீழே கணக்குப் போட்டிருக்கிறேன். டீ, பிஸ்கட், பழம் என்று நாளுக்கு 30 ரூபாய் வீதம் 35 நாளுக்கு 1,050 சேர்த்திருக்கிறேன். இதை வெட்டாதீர்கள். ஹாஸ்டல் இட்லியை நம்பியே ஒரு பிள்ளையை நாள் முழுக்க உட்கார வைக்க முடியாது.

அடுத்து ஃபீஸ். 9,000 என்று போனில் சொன்னது வரியோடா, வரி தனியா? தனியார் கோச்சிங்குக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். தனி என்றால் 1,620 ஏறி 10,620 ஆகும். நான் அதையே எடுத்துக்கொண்டேன். வரியோடு சேர்த்துத்தான் 9,000 என்று சொன்னால் உங்களுக்கு அந்த 1,620 மிச்சம். ஆண்டு வருமானம் 20 லட்சத்துக்குள் இருக்கும் சிறிய சென்டர்கள் ஜிஎஸ்டியில் பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு இல்லாதவர்கள் வரி என்று தனியாக வாங்கவும் கூடாது. அதனால் வரி கேட்டால், ரசீதில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் எடுத்த எண் 33 என்றுதான் தொடங்கும். எண் இல்லாத துண்டுச் சீட்டில் வரி வாங்கினால் அங்கேயே கேட்டுவிடலாம்.

பாதியில் உடம்புக்கு முடியாமல் போய், படிப்பை நிறுத்த வேண்டி வந்தால் என்ன ஆகும் என்பதும் ஃபீஸ் கட்டுவதற்கு முன் தெரிய வேண்டிய விஷயம். மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் கோச்சிங் சென்டர்களுக்கு ஒரு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. முழுக் கட்டணம் கட்டியவர் நடுவில் விலகினால் மீதி நாள்களுக்கான தொகையை 10 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. சென்டரே நடத்தும் ஹாஸ்டலில் இருந்தால் அந்த ஹாஸ்டல், மெஸ் கட்டணத்துக்கும் அப்படியே. ஆனால் அது மாநிலங்களுக்குச் சொன்ன நெறிமுறை, அதை மட்டும் காட்டிப் பணத்தை வாங்கிவிட முடியாது. "கட்டிய பணம் திரும்பாது" என்று ரசீதில் அச்சடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இரண்டு தவணையாகக் கட்டலாமா என்று கேளுங்கள். பாதியை இப்போது, பாதியைப் பதினைந்து நாள் கழித்து என்றால் பலர் ஒப்புக்கொள்வார்கள். குறுவை நேரத்தில் உங்களுக்கு அது பெரிய உதவி.

புத்தகச் செலவில்தான் நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். குரூப் 4 தாளில் 200 கேள்வி, அதில் 100 தமிழ். தமிழில் 150-க்கு 60 மதிப்பெண் வரவில்லை என்றால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். அந்தத் தமிழ்ப் பகுதி பத்தாம் வகுப்புத் தரம். அதற்கு அடிப்படை பள்ளிக்கூடப் பாடப்புத்தகம்தான். அந்தப் புத்தகங்கள் உங்கள் தெருவிலேயே எத்தனையோ வீட்டில் பரண் மேல் கிடக்கும், அரசுப் பள்ளியில் இலவசமாகக் கொடுத்தவை. ஆறாம் வகுப்பிலிருந்து பத்து வரை தமிழும் சமூக அறிவியலும் அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கி அடுக்குங்கள். கிடைக்காததை textbooksonline.tn.nic.in தளத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். பழைய வினாத்தாள்கள் தேர்வாணையத்தின் tnpsc.gov.in தளத்திலேயே இருக்கின்றன. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: பாடப்புத்தகம் புதிய பதிப்பா என்று முதல் பக்கத்தில் உறுதி செய்யுங்கள். பழைய பாடத்திட்டப் புத்தகம் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

காசு கொடுத்து வாங்க வேண்டியது கணக்குப் பகுதிக்கு ஒரு பயிற்சிப் புத்தகம், 350 ரூபாய் என்று வைக்கலாம். ஜெராக்ஸ், நோட்டு, கருப்பு பால் பாயின்ட் பேனா எல்லாம் சேர்த்து 500. சென்டர் மெட்டீரியல் 1,200 கட்டாயம் என்றால் கட்டித்தான் ஆக வேண்டும். கட்டாயம் இல்லை என்றால் முன் பேட்ச் பிள்ளைகளிடம் வாங்கி ஒரு முறை புரட்டிப் பாருங்கள். பாடப்புத்தகத்தை அப்படியே சுருக்கி அச்சடித்ததாக இருந்தால் வேண்டாம். தலைப்பு வாரியாகப் பயிற்சிக் கேள்விகளும் விடைகளும் இருந்தால் வாங்கலாம். நான் கட்டாயம் என்றே வைத்து, புத்தகம் வகையில் மொத்தம் 2,050 போட்டிருக்கிறேன். வாரத் தேர்வுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள். "டெஸ்ட் பேட்ச் தனி" என்று முதல் வாரம் முடிந்ததும் சொல்லும் சென்டர்கள் இருக்கின்றன.

போக்குவரத்தில் எல்லோரும் மகளின் டிக்கெட்டை மட்டும் எண்ணுவார்கள். உங்கள் டிக்கெட்டும் இருக்கிறது. முதல் நாள் பெட்டி படுக்கையோடு நீங்கள் கொண்டுபோய் விட்டுத் திரும்ப வேண்டும். கடைசி நாள் போய் அழைத்து வர வேண்டும். நடுவில் இரண்டு ஞாயிறு அவள் வீட்டுக்கு வந்து போவாள். மன்னார்குடி–தஞ்சாவூர் டிக்கெட் 40 ரூபாய் என்று வைத்தால் நீங்கள் இருவரும் சேர்ந்து போவது, நீங்கள் தனியாகத் திரும்புவது என்று முதல் நாள் மூன்று டிக்கெட். கடைசி நாளும் மூன்று. நடுவில் அவளுக்கு நான்கு. ஆக பத்து டிக்கெட், 400 ரூபாய். மூட்டையோடு ஆட்டோ இரண்டு நாளும் 150 வீதம் 300. கோட்டூரிலிருந்து மன்னார்குடிக்கு டவுன் பஸ்ஸில் வந்தால் மகளுக்கு டிக்கெட் இல்லை, உங்களுக்கு மட்டும்தான். எல்லாம் சேர்த்து 800-க்குள் அடங்கும். தஞ்சாவூருக்குள்ளும் ஹாஸ்டலிலிருந்து சென்டருக்கு சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். ஹாஸ்டல் தேடும்போது "சென்டருக்கு நடக்கும் தூரம்" என்பதற்காக மாதம் ஆயிரம் கூடக் கொடுக்க வேண்டியதில்லை. டவுன் பஸ் போகும் சாலையில் இருந்தால் போதும்.

இனி கூட்டிப் பார்க்கலாம். ஃபீஸ் வரியோடு 10,620. புத்தகம் 2,050. ஹாஸ்டல் 7,000, அட்வான்ஸில் பிடிப்பது 500. டீ செலவு 1,050. பூட்டு, சோப்பு, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஆதார் ஜெராக்ஸ் என்று 500. பக்கெட், தட்டு, போர்வை, தலையணை வீட்டிலிருந்தே போகட்டும். போக்குவரத்து 800. மொத்தம் 22,520. இதுதான் உண்மையான செலவு. ஹாஸ்டலில் மாட்டிக்கொண்டிருந்து பிறகு திரும்பும் அட்வான்ஸ் 2,500-ஐயும் சேர்த்தால் 25,020. காய்ச்சல், கண்ணாடி உடைவது, திடீரென்று ஒரு நாள் வீட்டுக்கு வர வேண்டியது என்று 2,000 கூட வைத்தால் 27,000.

இந்த 27,000-மும் ஒரே நாளில் தேவைப்படாது. ஆனால் பெரும் பகுதி தேவைப்படும். 14, 15 ஆகிய இரண்டு நாளுக்குள் ஃபீஸ் 10,620, மெட்டீரியல் 1,200, ஹாஸ்டல் வாடகை 6,000, அட்வான்ஸ் 3,000, பயணம் 300, சில்லறைச் சாமான் 500 என்று 21,620 போய்விடும். நீங்கள் நினைத்த 20,000 முதல் இரண்டு நாளிலேயே தீர்ந்து, மேலும் 1,620 தேட வேண்டியிருக்கும். கையைக் கடிப்பது நடுவில் இல்லை, ஆரம்பத்திலேயே. அதற்குப் பிறகு ஐந்து வாரத்துக்கும் சேர்த்து 3,400 போதும். ஃபீஸை இரண்டு தவணையாக்கினால் முதல் நாள் தேவை சுமார் 16,300-ஆகக் குறைந்துவிடும்.

மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வரும் நேரம் அது. உழவு, விதை, நாற்றுக்கு வைத்திருக்கும் பணத்தில் கை வைக்காதீர்கள். நாள் தவறினால் நடவு தவறும். நகையை வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் அந்த வட்டியும் கோச்சிங் செலவுதான், அதையும் கணக்கில் எழுதுங்கள். 20,000 வாங்கி, குறுவை நெல் கொள்முதல் நிலையத்தில் போட்டுப் பணம் வங்கிக் கணக்கில் ஏறும் வரை நான்கு மாதம் ஆகிறது என்று வைப்போம். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் 800. தனியாரிடம் மூன்று ரூபாய் வட்டி என்றால் 2,400, அதாவது ஹாஸ்டலில் 12 நாள் தங்கும் காசு. கூட்டுறவு வங்கியில் முதலில் கேளுங்கள்.

தினம் போய் வருவதைப் பற்றிக் கேட்டீர்கள். பணம் மட்டும் என்றால் அதுதான் மலிவு. ஃபீஸும் புத்தகமும் 12,670. மன்னார்குடி–தஞ்சாவூர் போக வர 80 வீதம் 30 நாளுக்கு 2,400. டீக்கு 20 வீதம் 600. சாப்பாடு வீட்டிலிருந்து. மொத்தம் 15,670. ஹாஸ்டலில் தங்குவதைவிட 6,850 குறைவு. ஆனால் கோட்டூரிலிருந்து மன்னார்குடி, அங்கே பஸ் மாறி வடுவூர் வழியாக தஞ்சாவூர், பிறகு டவுன் பஸ் என்று காத்திருப்பதையும் சேர்த்து ஒரு வழிக்கு இரண்டரை மணி நேரமாவது ஆகும். நாளுக்கு ஐந்து மணி, 30 நாளுக்கு 150 மணி நேரம். 6,850-ஐ 150-ஆல் வகுத்தால் மணிக்கு 46 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. அந்த விலைக்குப் படிக்கும் நேரத்தை வாங்குகிறீர்கள். கடைசி மாதத்தில் பயிற்சித் தாள் ஒன்றை எழுதவே மூன்று மணி நேரம் வேண்டும். உங்கள் ஊரிலிருந்து என்றால் நான் ஹாஸ்டல் பக்கம்தான் நிற்பேன். வடுவூரிலிருந்து யாராவது கேட்டிருந்தால் தினம் போய் வரச் சொல்லியிருப்பேன். நீடாமங்கலம் போல ரயில் நிலையம் பக்கத்தில் இருப்பவர்கள் மாத சீசன் டிக்கெட்டையும் விசாரிக்கலாம். வகுப்பு நேரத்துக்கு ரயில் நேரம் ஒத்துவந்தால் பஸ்ஸைவிட மிகவும் மலிவு. மன்னார்குடியில் தங்க வைக்கும் உறவினர் யாராவது இருந்தால் கணக்கு மாறும். பயணம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறையும், அப்போது ஹாஸ்டல் அவசியம் இல்லை.

இவ்வளவு பணத்தையும் எடுப்பதற்கு முன் மகளை ஒரு நாள் திருவாரூர் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போய்வரச் சொல்லுங்கள். அங்கே தன்னார்வப் பயிலும் வட்டம் வழியாகப் போட்டித் தேர்வுகளுக்கு இலவச வகுப்பு நடத்துகிறார்கள். இப்போது குரூப் 4 வகுப்பு ஓடுகிறதா, எந்த நாள்களில், மாதிரித் தேர்வு உண்டா என்று கேட்டு வரட்டும். அது ஒத்துவந்தால் போக்குவரத்தும் புத்தகமும்தான் செலவு. ஒத்துவரவில்லை என்றால் தஞ்சாவூர் சென்டருக்கு நேரில் போய் ஒரு வகுப்பு உட்கார்ந்து பார்க்கக் கேளுங்கள். அதே நாளில் ஹாஸ்டலையும் பார்த்துவிடலாம். அட்வான்ஸ் கொடுக்கும் முன் அங்கே தங்கியிருக்கும் பிள்ளை ஒருத்தியிடம், மதியச் சாப்பாட்டை டப்பாவில் கட்டித் தருகிறார்களா என்றும் போன மாதம் காலி செய்தவளுக்கு அட்வான்ஸ் எத்தனை நாளில் வந்தது என்றும் உங்கள் மகளே கேட்டுக்கொள்ளட்டும்.